ஐட்டம் கோடும் விலைப்பட்டியலும்: விற்பனை அறிக்கையில் தொகை சரியாக வர

சோப்பு, பற்பசை, ஷாம்பு மொத்த விநியோகம் செய்யும் ஓர் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் சேல்ஸ்மேன்கள் ஆர்டர் எடுக்கும் ஆப்பிலிருந்து மாதக் கடைசியில் ஒரு ஃபைல் வரும். அதில் தேதி, ஐட்டம் கோடு, எத்தனை பீஸ் என்ற விவரங்கள் இருக்கும், விலை இருக்காது. கம்பெனி தரும் விலைப்பட்டியலில் அந்தக் கோடைத் தேடி, விலையை எடுத்து, பீஸால் பெருக்கித் தொகை போடுவது என் வேலை. எக்செலில் VLOOKUP போட்டு இழுத்தால் முடிந்துவிடும் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

2025 செப்டம்பர் அறிக்கையில் மாட்டிக்கொண்டேன். ஒரு கட்டத்தில்கூடப் பிழைச்செய்தி இல்லை, எல்லா வரியிலும் தொகை இருந்தது. ஆனால் மொத்தம் பில் மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க நான்கு இரவுகள் ஆயின. பிழை என்று கத்தும் ஃபார்முலாவால் பெரிய கெடுதல் இல்லை, அதைத் தேடிப் பிடித்துவிடலாம். தப்பான விலையைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைக்கும் ஃபார்முலாதான் ஆபத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைத் தடுப்பதற்கானவை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருந்தால் இதே வரிசையில் செய்யுங்கள்.

## 1. ஃபார்முலாவுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

மூன்று ஆவணங்கள் வேண்டும். முதலாவது, விற்பனை ஃபைல். இரண்டாவது, அந்த மாதத்தில் அமலில் இருந்த விலைப்பட்டியல். மாத நடுவில் விலை மாறியிருந்தால் பழையது, புதியது இரண்டும். மூன்றாவது, அதே மாதத்தின் பில் மொத்தம். இந்த மூன்றாவதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. அது இல்லாவிட்டால் உங்கள் அறிக்கை சரியா தவறா என்று சொல்ல உங்களிடம் எதுவுமே இருக்காது.

விலைப்பட்டியல் பிடிஎஃப் ஆக வந்தால், எக்செல் ஃபைலாகத் தரச் சொல்லிக் கம்பெனிப் பிரதிநிதியிடம் கேளுங்கள். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் கோடோடு ஒட்டிக்கொண்டு வரும். வேறு வழியே இல்லையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், 3ஆம் படியில் அதைச் சுத்தம் செய்வோம்.

பட்டியலைத் திறந்ததும் தலைப்பு வரியை நிதானமாகப் படியுங்கள். ஒரே பொருளுக்கு எம்ஆர்பி, கடைக்காரருக்கான விலை, நமக்கான கொள்முதல் விலை என மூன்று இருக்கும். வரி சேர்த்ததா சேர்க்காததா, ஒரு பீஸுக்கா ஒரு டஜனுக்கா ஒரு பெட்டிக்கா என்பதையும் பாருங்கள். விற்பனை ஃபைலில் பீஸ் கணக்கு இருக்க, பட்டியலில் டஜன் விலை இருந்தால் ஃபார்முலா அதைத் தெரிந்துகொள்ளாது. உங்களுக்கு வேண்டிய விலை எது என்று பில் போடுகிறவரிடம் கேட்டு, ஒரு பழைய பில்லோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் அறிக்கைக்கு வேண்டியது கடைக்காரருக்கான விலை, ஒரு பீஸுக்கு, வரி சேர்த்து. இந்தக் கட்டுரை முழுக்க அதையே வைத்துச் சொல்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் எக்செல் எந்தப் பதிப்பாக இருந்தாலும் VLOOKUP இருக்கும். XLOOKUP என்ற புதிய ஃபார்முலா மட்டும் எக்செல் 2021லிருந்தும் மைக்ரோசாஃப்ட் 365லும்தான் உண்டு. 2016, 2019 பதிப்புகளில் கிடையாது. பணம் கட்டாத வழி என்றால் லிப்ரெஆஃபிஸ் இருக்கிறது, அதில் 24.8 பதிப்பிலிருந்து XLOOKUPஉம் உண்டு. நேரக் கணக்கு: முதல் தடவை ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அமைத்து முடித்த பிறகு எனக்கு இப்போது மாதத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது.

## 2. விற்பனை ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள்

ஆப்பிலிருந்து வரும் ஃபைல் பெரும்பாலும் சிஎஸ்வி வகையில் இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் எக்செல் தானாகவே ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, எண் போல இருப்பதை எண்ணாக மாற்றிவிடும். 00412 என்ற கோடு 412 ஆகிவிடும். விலைப்பட்டியலில் அது 00412 என்று எழுத்தாக இருந்தால் இரண்டும் சேராது. கோடில் நடுவே E என்ற எழுத்து இருந்தால் இன்னும் மோசம்: 2E10 என்பதை 2க்குப் பின்னால் பத்து சுழி போட்ட எண்ணாக எடுத்துக்கொள்ளும். 10-12 என்பது டிசம்பர் 10 ஆகிவிடும். இப்படி மாறியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஃபைலை மறுபடி உள்ளே எடுப்பதுதான் வழி.

சரியான முறை: காலியான எக்செல் ஃபைலைத் திறந்து Data மெனுவில் From Text/CSV என்பதைத் தேர்ந்து ஃபைலைக் காட்டுங்கள். முன்னோட்டத் திரையில் Data Type Detection என்ற இடத்தில் Do not detect data types என்று தேர்ந்து உள்ளே எடுங்கள். எல்லாமே எழுத்தாக வரும், கோடு தப்பிக்கும். மேலே Column1, Column2 என்று வந்து ஃபைலின் தலைப்பு இரண்டாவது வரியில் நின்றால், அந்த இரண்டாவது வரியை நீக்கிவிடுங்கள். ஆனால் இப்படி எடுத்தால் தேதியும் பீஸ் எண்ணிக்கையும்கூட எழுத்தாகத்தான் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். அவற்றை நாமே மாற்ற வேண்டும். பீஸ் நெடுவரிசையை முழுதாகத் தேர்ந்து Data மெனுவில் Text to Columns போய், நேராக Finish அழுத்தினால் எண்ணாகிவிடும். தேதிக்கும் அதே Text to Columns. ஆனால் நேராக Finish வேண்டாம், மூன்றாவது திரை வரை போய் Date என்பதில் DMY தேர்ந்துவிட்டு முடியுங்கள். இந்த DMY ஏன் முக்கியம் என்று 5ஆம் படியில் தெரியும்.

நான் வைத்திருக்கும் அமைப்பு இது. இரண்டு ஷீட்கள், பெயர் Sales, Price.

```
Sales:  A தேதி | B கோடு | C பீஸ் | D சுத்தக் கோடு | E விலை | F தொகை
Price:  A கோடு | B பெயர் | C விலை | D அமல் தேதி
```

செப்டம்பரில் எங்களுக்கு 1,862 விற்பனை வரிகள், விலைப்பட்டியலில் 612 பொருட்கள். ஆகவே Sales 1863ஆம் வரி வரையும் Price 613ஆம் வரி வரையும் போகும். உங்கள் எண்ணிக்கையை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

## 3. இரண்டு பக்கமும் கோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல்

நான்கு இரவுகளில் இரண்டு இரவுகள் எனக்கு இதில்தான் போயின.

கண்ணுக்கு 00412 என்று ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டங்கள் எக்செலுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று எழுத்து, மற்றொன்று 412 என்ற எண்ணை 00412 என்று காட்டும் வடிவமைப்பு என்று இருக்கலாம். ஒன்றின் வாலில் ஓர் இடைவெளி இருக்கலாம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தில் இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

```
=LEN(B2)
=ISTEXT(B2)
```

ஐந்து இலக்கக் கோடுக்கு LEN 5 என்று வர வேண்டும். 6 என்றால் இடைவெளி ஒட்டியிருக்கிறது. 3 என்றால் முன்னால் இருந்த சுழிகள் உண்மையில் இல்லை. ISTEXT என்பதற்கு இரண்டு ஷீட்டிலும் ஒரே பதில் வர வேண்டும். ஒன்றில் TRUE, மற்றதில் FALSE என்றால் VLOOKUP இரண்டையும் சேர்க்காது.

எங்கள் கோடுகள் எல்லாமே ஐந்து இலக்க எண்கள். அதனால் D2 கட்டத்தில் எக்செலில் இந்த ஃபார்முலாவைப் போட்டுக் கடைசி வரை இழுக்கிறேன்.

```
=TEXT(TRIM(SUBSTITUTE(B2,UNICHAR(160)," ")),"00000")
```

உள்ளேயிருந்து படியுங்கள். பிடிஎஃபிலும் இணையப் பக்கங்களிலும் சாதாரண இடைவெளி போலவே தெரியும் இன்னொரு வகை இடைவெளி உண்டு, அதன் எண் 160. TRIM அதைத் தொடாது. ஆகவே முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றி, பிறகு TRIM கொண்டு ஓரங்களை வெட்டுகிறோம். கடைசியில் TEXT, குறையும் சுழிகளை முன்னால் சேர்த்து எழுத்தாகத் தருகிறது. 412 என வந்தாலும் வாலில் இடைவெளியோடு வந்தாலும் வெளியே வருவது 00412. உங்கள் கோடுகளில் E போன்ற எழுத்தோ ஹைஃபனோ கலந்திருந்தால் இந்த TEXT பகுதி வேண்டாம், அது 2E10 போன்றவற்றை மறுபடி எண்ணாக்கிவிடும். TRIM வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

Price ஷீட்டிலும் இதையே செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் A2ஐ வைத்து இதே ஃபார்முலாவைப் போடுங்கள். விடைகளை நகலெடுத்து A நெடுவரிசை மேல் Paste Special, Values என்று ஒட்டிவிட்டு, உதவிக்குப் போட்ட நெடுவரிசையை அழித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் பாதிக் கோடுகள் சேரும், பாதி சேராது. அது இன்னும் குழப்பம்.

இங்கே புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று. "கோடை எழுத்தாக மாற்ற, நெடுவரிசையின் வடிவமைப்பை Text ஆக்கு" என்று யாராவது சொல்வார்கள். ஏற்கனவே எண்ணாக உட்கார்ந்திருப்பதை அது மாற்றாது, இனிமேல் தட்டச்சு செய்வதற்குத்தான் பொருந்தும். அதே போல D நெடுவரிசை Text வடிவமைப்பில் இருந்தால், நீங்கள் போடும் ஃபார்முலா கணக்கிடாமல் அப்படியே எழுத்தாக நிற்கும். D நெடுவரிசையை General ஆக்கிவிட்டு ஃபார்முலாவை மறுபடி போடுங்கள்.

அப்புறம், COUNTIFஐ நம்பி ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலாவைத் திருத்திய பிறகு VLOOKUP பிழை காட்டிய கோடுகள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க COUNTIF போட்டேன். 1 என்று வந்தது, அதாவது இருக்கிறது. இருக்கும் கோடை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று ஓர் இரவு முழுக்கத் தேடினேன். COUNTIF எண் போன்ற எழுத்தையும் எண்ணையும் ஒன்றாகவே எண்ணும். அதற்கு "00412"உம் 412உம் ஒன்றுதான். VLOOKUPக்கு அவை வேறு வேறு. கோடு சேர்கிறதா என்று பார்க்க COUNTIF வேண்டாம், MATCH போடுங்கள்.

## 4. விலையை எடுக்கும் ஃபார்முலா

இப்போது E2 கட்டத்தில்:

```
=VLOOKUP(D2,Price!$A$2:$C$613,3,FALSE)
```

D2இல் உள்ள கோடை Price ஷீட்டின் A நெடுவரிசையில் தேடு, கிடைத்த வரியில் மூன்றாவது நெடுவரிசையில் உள்ளதைக் கொடு என்று பொருள். இதில் இரண்டு இடங்களை விட்டால் தொகை கெடும்.

ஒன்று, கடைசியில் உள்ள FALSE. அதை எழுதாமல் விட்டால் எக்செல் TRUE என்று எடுத்துக்கொள்ளும். அதாவது சரியான கோடு இல்லையென்றால், அதற்கு முந்தைய கோடின் விலையைக் கொடுத்துவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான். 00413 புதிதாக வந்த பெரிய சோப்பு, விலை 59 ரூபாய். பட்டியலில் அதை இன்னும் சேர்த்திருக்கவில்லை. முன்பு இருந்தவர் போட்டு வைத்த ஃபார்முலாவில் FALSE இல்லாததால், முந்தைய கோடான 00412இன் விலை 47.20 வந்து உட்கார்ந்தது. 240 பீஸுக்கு 14,160 வர வேண்டிய இடத்தில் 11,328. ஒரே வரியில் 2,832 ரூபாய் குறைவு, பார்வைக்கு எந்தக் கோளாறும் தெரியாது. பட்டியல் கோடு வரிசைப்படி அடுக்கப்படாமல் இருந்தால் முந்தைய கோடுகூட இல்லை, சம்பந்தமே இல்லாத பொருளின் விலையும் வரலாம். FALSE இருந்திருந்தால் #N/A என்று காட்டியிருக்கும், பத்து நிமிடத்தில் சரி செய்திருப்பேன்.

இன்னொன்று, டாலர் குறி. அது இல்லாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் தேடும் பகுதியும் வரிக்கு வரி கீழே நகரும். மூன்றாவது வரியில் A3 முதல், நான்காவது வரியில் A4 முதல் என்று தேடும். மேலே சில வரிகள் சரியாக வரும், கீழே போகப் போக #N/A கூடிக்கொண்டே போகும், பிழை காட்டும் கோடுகள் எல்லாம் பட்டியலின் தலைப்பகுதியில் உள்ளவையாக இருக்கும். இந்த அடையாளத்தைப் பார்த்தாலே டாலர் குறி இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஃபார்முலாவுக்குள் அந்தப் பகுதியைத் தேர்ந்து F4 அழுத்தினால் டாலர் வந்துவிடும். சில மடிக்கணினிகளில் Fn விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும்.

3 என்ற எண்ணிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. யாராவது Price ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஒரு புதிய நெடுவரிசையை நுழைத்தால், பகுதி D வரை தானாக நீளும், ஆனால் 3 என்பது 3ஆகவே இருக்கும். விலை நான்காவது இடத்துக்குப் போய்விட்டது அதற்குத் தெரியாது. அந்த நெடுவரிசையில் பெட்டிக்கு எத்தனை பீஸ் என்ற எண் இருந்தால், அதையே விலையாக எடுத்துப் பெருக்கும். பலர் தொடும் ஃபைல் என்றால் கீழே உள்ள இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். முதலாவது எல்லா எக்செலிலும் ஓடும், இரண்டாவது XLOOKUP உள்ளவர்களுக்கு.

```
=INDEX(Price!$C$2:$C$613,MATCH(D2,Price!$A$2:$A$613,0))
=XLOOKUP(D2,Price!$A$2:$A$613,Price!$C$2:$C$613)
```

MATCHஇன் கடைசியில் உள்ள 0, VLOOKUPஇன் FALSE செய்யும் அதே வேலையைச் செய்கிறது, அதையும் விடக்கூடாது. XLOOKUP மட்டும் எதுவும் சொல்லாவிட்டாலும் சரியான கோடையே தேடும். அதனால்தான் புதிதாகக் கற்பவர்களுக்கு, இருந்தால், நான் அதையே சொல்வேன்.

F2இல் தொகை:

```
=ROUND(C2*E2,2)
```

## 5. மாத நடுவில் விலை மாறினால்

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 00412 சோப்பின் வரி சேர்க்காத விலை 40 ரூபாய் மாறவில்லை. ஆனால் வரியோடு 47.20 ஆக இருந்தது 42 ஆயிற்று. ஒரே மாதத்தில், ஒரே கோடுக்கு, இரண்டு விலை.

அந்தச் சோப்பு செப்டம்பர் 18இல் 300 பீஸும், 25இல் 200 பீஸும் போயிருக்கிறது என்று வையுங்கள். சரியான தொகை 14,160உம் 8,400உம் சேர்ந்து 22,560. பழைய பட்டியலை மட்டும் வைத்தால் 23,600. புதியதை மட்டும் வைத்தால் 21,000. இரண்டு பட்டியலையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிவிட்டு VLOOKUP போட்டால் என்ன ஆகும்? அது மேலிருந்து தேடி முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். பழையது மேலே இருந்தால் முழு மாதமும் பழைய விலைதான். பட்டியலில் ஒரே கோடு இரண்டு தடவை இருப்பதை எந்தச் செய்தியும் சொல்லாது.

இதற்குத்தான் Price ஷீட்டில் D நெடுவரிசை, அமல் தேதி. பழைய பட்டியலின் 612 வரிகளுக்கும் அது அமலுக்கு வந்த தேதியைப் போடுங்கள். அதற்குக் கீழே புதிய பட்டியலை ஒட்டி, அந்த வரிகளுக்கு 22-09-2025 போடுங்கள். பழையது மேலே, புதியது கீழே என்ற ஒழுங்கு மாறக்கூடாது. இப்போது பட்டியல் 1225ஆம் வரி வரை வரும். E2இல், எல்லா எக்செலுக்கும்:

```
=LOOKUP(2,1/((Price!$A$2:$A$1225=D2)
 *(Price!$D$2:$D$1225<=A2)),Price!$C$2:$C$1225)
```

XLOOKUP இருந்தால்:

```
=XLOOKUP(1,(Price!$A$2:$A$1225=D2)
 *(Price!$D$2:$D$1225<=A2),Price!$C$2:$C$1225,,0,-1)
```

இரண்டும் செய்வது ஒன்றே: கோடு ஒத்துப்போக வேண்டும், அமல் தேதி விற்ற தேதிக்கு முன்போ அன்றோ இருக்க வேண்டும், அப்படிப்பட்ட வரிகளில் கடைசியில் இருப்பதை எடு. 18ஆம் தேதி விற்பனைக்கு 22 என்று போட்ட வரி தகுதி பெறாது, 47.20 வரும். 25ஆம் தேதிக்கு இரண்டும் தகுதி பெறும், கடைசியாக இருப்பது 42. ஒவ்வொரு வரிக்கும் பட்டியல் முழுதையும் பார்ப்பதால் பழைய கணினியில் சில நொடிகள் நிற்கும், பயப்பட வேண்டாம்.

இதில் தேதிதான் கவிழ்க்கும். Sales ஷீட்டில் தேதி எழுத்தாக இருந்தால் ஃபார்முலா பிழை காட்டாது. எக்செலின் ஒப்பீட்டில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. ஆகவே எல்லா அமல் தேதியும் தகுதி பெற்றுவிடும், எல்லா வரிக்கும் புதிய விலை வந்துவிடும். மேலே சொன்ன 21,000 வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

நாளும் மாதமும் இடம் மாறுவது இன்னொரு வகை. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால், 10/09/2025 என்பதை அக்டோபர் 9 என்று படிக்கும். 9ஆம் தேதி தவிர, 12 வரை இப்படித் தப்பாக மாறும், 13 முதல் மாதமாகப் படிக்க முடியாமல் எழுத்தாகவே நின்றுவிடும். 2ஆம் படியில் DMY தேர்ந்தது இதற்காகத்தான். சரிபார்க்க மூன்று கட்டங்கள் போதும்.

```
=COUNT(A2:A1863)
=MIN(A2:A1863)
=MAX(A2:A1863)
```

முதலாவது 1862 வர வேண்டும். குறைந்தால் அத்தனை தேதிகள் எழுத்தாக இருக்கின்றன. மற்ற இரண்டையும் தேதி வடிவமைப்பில் பாருங்கள். செப்டம்பருக்கு வெளியே எதுவும் வரக்கூடாது. Price ஷீட்டின் D நெடுவரிசைக்கும் COUNT போட்டுப் பார்த்துவிடுங்கள்.

## 6. #N/A வந்தால் அழிக்காதீர்கள்

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று IFERROR போட்டு, பிழை வந்த இடத்தில் 0 காட்டச் செய்வது எல்லா அலுவலகத்திலும் இருக்கும் பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். விற்ற பொருளின் தொகை பூஜ்யம் ஆகிவிடும், மொத்தம் குறையும், எதனால் குறைந்தது என்று தேட ஓர் அடையாளமும் மிஞ்சாது. #N/A இருக்கும் வரை மொத்தமும் #N/A என்றே காட்டும். அப்படிக் காட்டுவது நல்லது. முடியாத அறிக்கை தெரியாமல் வெளியே போகாது.

எத்தனை பாக்கி என்று எண்ண:

```
=SUMPRODUCT(--ISNA(E2:E1863))
```

E நெடுவரிசையில் ஃபில்டர் போட்டு #N/A மட்டும் எடுங்கள். பெரும்பாலும் சில கோடுகளே திரும்பத் திரும்ப வரும். FALSE சேர்த்த பிறகு எனக்கு முதல் தடவை 94 வரிகள் பிழை காட்டின, ஆனால் கோடு என்று பார்த்தால் ஏழுதான். நான்கு புதிய பொருட்கள், பட்டியலில் சேர்க்க வேண்டியவை. இரண்டு, சேல்ஸ்மேன் ஆப்பில் இன்னும் நீக்காத பழைய கோடுகள். ஒன்று இலவசமாகப் போன மாதிரிப் பொருள், அதற்கு விலையே கிடையாது. அதைப் பட்டியலில் 0 என்று தெரிந்தே சேர்த்தேன். கம்பெனியிடம் கேட்டு விலை வாங்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதால் இந்தத் தேடலை மாதம் முடியும் வரை தள்ளிப்போடாமல் 25ஆம் தேதிவாக்கிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

#N/A காட்டாத ஓட்டையும் ஒன்று உண்டு. பட்டியலில் கோடு இருந்து விலைக் கட்டம் காலியாக இருந்தால் ஃபார்முலா 0 என்று தரும். E நெடுவரிசையில் 0 என்று ஃபில்டர் போட்டுப் பாருங்கள். இலவச மாதிரி தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது.

## 7. பில் மொத்தத்தோடு ஒப்பிடுதல்

பிழைகள் எல்லாம் தீர்ந்த பிறகு F நெடுவரிசையின் மொத்தத்தைப் பில் மொத்தத்தோடு வையுங்கள். ஒவ்வொரு பில்லையும் முழு ரூபாய்க்குச் சரிசெய்வதால் சிறு வித்தியாசம் வரும். ஒரு பில்லுக்கு ஐம்பது காசுக்கு மேல் போகாது. அதைவிடப் பெரிதாக இருந்தால் கோளாறு இருக்கிறது.

முழு மாதத்தையும் ஒரே மூச்சில் தேடாதீர்கள். SUMIFS வைத்து நாள்வாரியாக மொத்தம் போட்டு, பில்லிங் மென்பொருள் தரும் நாள் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

```
=SUMIFS($F$2:$F$1863,$A$2:$A$1863,H2)
```

H2இல் தேதி இருக்கும். எந்த நாளில் வித்தியாசம் தொடங்குகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். 22ஆம் தேதியிலிருந்து எல்லா நாளும் கூடுதலாக வந்தால் புதிய பட்டியல் சேரவில்லை. 21 வரை எல்லா நாளும் குறைவாக வந்தாலோ, மாதம் முழுக்கப் பூஜ்யம் என்றாலோ தேதி எழுத்தாக இருக்கிறது. 9ஆம் தேதி தவிர 1 முதல் 12 வரை உள்ள நாட்களுக்கு மொத்தமே பூஜ்யம் என்றால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. ஒரே ஒரு நாளில் மட்டும் என்றால் அன்றைய பில்களை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் பில் போடும்போது கையால் மாற்றிய விலையாகவோ, திரும்பி வந்த சரக்காகவோ இருக்கும். அதை ஃபார்முலாவால் சரி செய்ய முடியாது, பில் போட்டவரிடம் கேட்டுக் குறிப்பு எழுதி வையுங்கள்.

## 8. அனுப்புவதற்கு முன்

ஃபார்முலா உள்ள ஃபைலை அப்படியே அனுப்பாதீர்கள். அடுத்த மாதம் நீங்கள் Price ஷீட்டை மாற்றும்போது பழைய அறிக்கையின் தொகையும் மாறிவிடும். ஒரு நகல் எடுத்து, அதில் E, F நெடுவரிசைகளை Paste Special, Values என்று ஒட்டி, அந்த நகலை அனுப்புங்கள். ஃபார்முலா உள்ளதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த விலை மாற்றம் வரும்போது பழைய வரிகளின் மேல் எழுதாதீர்கள். புதிய விலையை, அதன் அமல் தேதியோடு, பட்டியலின் அடியில் சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்க்கும்போது 1225 என்ற எல்லைக்கு வெளியே போய்விடும் வரிகளை ஃபார்முலா பார்க்காது, அதையும் சொல்லாது. இதைத் தவிர்க்க நான் இப்போது எல்லா இடத்திலும் 1225க்குப் பதில் 5000 போட்டு வைத்திருக்கிறேன். காலி வரிகளில் கோடு ஒத்துப்போகாது என்பதால் விடை கெடாது. கணினி இன்னும் சில நொடிகள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.